டப்பாவுக்குள் போன பொடிக்கு அடையாளம் எது?

மிளகாய்த்தூள் பாக்கெட்டை நாம் எப்படிப் பிரிக்கிறோம்? மேல் ஓரத்தைக் கத்தரிக்கோலால் நறுக்குகிறோம். நறுக்கிய துண்டு அடுப்பு மேடையில் எங்கோ விழுகிறது. பொடியை எவர்சில்வர் டப்பாவில் கொட்டி, பாக்கெட்டின் அடியை இரண்டு தட்டுத் தட்டி, மீதியையும் உதிர்த்துவிட்டு, வெறும் உறையைக் குப்பைக் கூடையில் போடுகிறோம். டப்பாவின் அடியில் பழைய பொடி கொஞ்சம் இருந்தால் அதன் மேலேயே கொட்டுகிறோம். எல்லாம் சேர்ந்து அரை நிமிட வேலை.

அந்த அரை நிமிடத்தில் பொடியின் ஊர், பேர், பிறந்த தேதி எல்லாம் குப்பைக்குப் போய்விடுகின்றன. அதற்குப் பிறகு அது வெறும் மிளகாய்த்தூள். எந்த நிறுவனத்துப் பொடி என்பது வேண்டுமானால் ஞாபகம் இருக்கும். எந்த ஆலையில், எந்தத் தடவை அரைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சாதாரண நாட்களில் அதைச் சொல்ல வேண்டிய அவசியமும் வருவதில்லை. ஒரே ஒரு நாள்தான் அந்தக் கேள்வி வரும். ‘இந்தப் பொடியைத் திரும்பப் பெறுகிறோம்’ என்று செய்தி வருகிற நாள்.

அப்படி ஒரு செய்தி 2025 ஜனவரியில் வந்தது. பதஞ்சலி ஃபுட்ஸ் நிறுவனம் விற்ற மிளகாய்த்தூளின் மாதிரியில் பூச்சிக்கொல்லி மருந்தின் எச்சம் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. அந்தத் தொகுப்பு முழுவதையும் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் சொல்லி, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. தொகுப்பின் எண் AJD2400012. நிறுவனம் சொன்ன கணக்குப்படி 200 கிராம் பாக்கெட்டுகளாக 4 டன் பொடி. வாங்கியவர்கள் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம் என்றும் அறிவித்தார்கள்.

கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் பொடி ஏற்கெனவே டப்பாவுக்குள் போய், பாதி குழம்பாகவும் ஆகிவிட்ட வீட்டில் என்ன செய்வது? இந்த மிளகாய்த்தூளையே உதாரணமாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

ஓர் ஈடு, ஓர் எண்

வீட்டில் இட்லி ஊற்றும்போது முதல் ஈடு, இரண்டாம் ஈடு என்று சொல்வோம். ஒரே மாவுதான். ஆனாலும் முதல் ஈடு பஞ்சாக வந்து, இரண்டாவது ஈட்டில் தண்ணீர் இறங்கிவிடலாம். தொழிற்சாலையில் அப்படி ஒரே நிலைமையில், ஒரே மூலப்பொருளைக் கொண்டு, ஒரே ஓட்டத்தில் தயாராகும் ஈட்டைத்தான் பேட்ச் அல்லது லாட் என்கிறார்கள். அந்த ஈட்டுக்குத் தருகிற எண்தான் பேட்ச் நம்பர். மிளகாய் வந்து இறங்கியது, அரைத்தது, பாக்கெட்டில் அடைத்தது, லாரியில் ஏற்றியது எல்லாம் அந்த எண்ணின் கீழ்தான் நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கும்.

4 டன் என்றால் 4,000 கிலோ. அதை 200 கிராம் வீதம் அடைத்தால் 20,000 பாக்கெட். அந்த 20,000 பாக்கெட்டிலும் ஒரே எண்தான் இருக்கும். அதே நிறுவனம் இன்னொரு ஈட்டில் அரைத்த பொடி அந்த உத்தரவுக்குள் வராது. எனவே ‘அந்தக் கம்பெனி மிளகாய்த்தூளில் மருந்தாம்’ என்று ஒருவர் சொன்னால் அது பாதிச் செய்திதான். எந்த எண் என்று சொன்னால்தான் முழுச் செய்தி. வாட்ஸ்அப்பில் வரும் பல எச்சரிக்கைகளை இந்த ஒரு கேள்வியாலேயே வடிகட்டிவிடலாம். உண்மையான அறிவிப்பில் பொருளின் முழுப்பெயர், எடை, பேட்ச் எண், தேதி, திரும்பப் பெறும் காரணம் ஆகியவை இருக்கும். எண்ணே இல்லாத எச்சரிக்கை வந்தால், நிறுவனத்தின் இணையதளத்திலோ ஆணையத்தின் இணையதளத்திலோ மூல அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றவருக்கு அனுப்புங்கள்.

எண்ணை எங்கே தேடுவது?

பாக்கெட்டில் உள்ள படம், பெயர், சேர்மானங்கள் எல்லாம் உறை தயாராகும்போதே அச்சாகிவிடுகின்றன. பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, விலை ஆகிய நான்கும் மட்டும் பொருளை அடைக்கும் நேரத்தில் தனியாக அடிக்கப்படுகின்றன. அதனால் அவை மற்ற எழுத்துகளைப் போல இருக்காது. புள்ளி புள்ளியாக, கொஞ்சம் சாய்ந்தும் மங்கியும் இருக்கும். வெறும் வெள்ளைக் கட்டத்தில் இருக்கலாம். பாக்கெட்டை ஒட்டியிருக்கும் மேல் மடிப்பிலோ கீழ் மடிப்பிலோ இருக்கலாம். தகர டப்பாவானால் அடிப்பக்கம் பாருங்கள். பாட்டிலானால் கழுத்து, மூடி, லேபிளின் ஓரம் ஆகிய மூன்று இடங்களையும் பாருங்கள். அட்டைப் பெட்டிக்குள் சிறு பாக்கெட்டுகள் இருந்தால் வெளியே உள்ள எண்ணையும் உள்ளே உள்ள எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எண்ணுக்கு முன்னால் Batch No., B.No., Lot No. என்று ஏதாவது ஒன்று இருக்கும். அது இல்லாமல் கண்ணில் படும் எந்த எண்ணையும் பேட்ச் எண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பலரும் தடுமாறுவது இரண்டு இடங்களில். ஒன்று, கோடு கோடாக இருக்கும் பார்கோடு. அது பொருளின் வகையைச் சொல்வது. போன மாதம் வாங்கிய பாக்கெட்டிலும் இந்த மாதம் வாங்கியதிலும் பொதுவாக ஒரே பார்கோடுதான் இருக்கும். இரண்டாவது, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் முத்திரைக்கு அருகே உள்ள 14 இலக்க எண். அது தயாரிப்பாளரின் உரிம எண். எல்லா ஈட்டுக்கும் அது பொது.

எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். புள்ளி அச்சில் ஆங்கில ‘ஓ’வும் சைபரும் ஒன்றுபோலத் தெரியும். ‘ஐ’யும் ஒன்றும் அப்படியே. ‘பி’ எழுத்தும் எட்டும் குழப்பும். எண்ணெய்க் கை பட்டு அழிந்திருந்தால் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாதது படத்தில் தெரிந்துவிடும்.

எண்ணுக்குள் அர்த்தம் தேட வேண்டாம். AJD2400012 என்பதில் உள்ள 24 ஆண்டைக் குறிக்கிறது என்று தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறது. ‘நம்முடையது 12 அல்ல, 13தான், பக்கத்து ஈடு, அதுவும் கெட்டதாகத்தான் இருக்கும்’ என்றோ, ‘ஓர் எழுத்துதானே மாறுகிறது, ஏறக்குறைய அதேதான்’ என்றோ முடிவு கட்டக்கூடாது. அறிவிப்பில் உள்ள எண்ணும் உங்கள் உறையில் உள்ள எண்ணும் முழுதாக ஒத்துப்போக வேண்டும். ஒரே ஒரு விதத்தில் மட்டும் எண்ணின் முதல் எழுத்துகள் நமக்குப் பயன்படும். ஒரு நிறுவனத்துக்குப் பல ஆலைகள் இருந்தால், ‘தயாரித்த ஆலையை அறியப் பேட்ச் எண்ணின் முதல் எழுத்தைப் பார்க்கவும்’ என்று உறையிலேயே எழுதி, கீழே முகவரிகளை வரிசையாகத் தந்திருப்பார்கள். குறிப்பிட்ட ஆலையின் சரக்கையே திரும்பப் பெறுகிறார்கள் என்றால் அது உதவும்.

சில அறிவிப்புகள் ஒற்றை எண்ணாக வருவதில்லை. நிபந்தனைகளாக வரும். 2022 பிப்ரவரி 17 அன்று அமெரிக்காவில் அபாட் நிறுவனம் சிமிலாக், அலிமென்டம், எலிகேர் ஆகிய குழந்தைப் பால்பவுடர்களைத் திரும்பப் பெற்றது. டப்பாவின் அடியில் உள்ள எண்ணில் மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொன்னார்கள். எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் 22 முதல் 37க்குள் இருக்க வேண்டும். எண்ணுக்குள் K8, SH, Z2 இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். காலாவதித் தேதி 2022 ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து பொருந்தினால்தான் அந்த டப்பா திரும்பப் பெறும் சரக்கு. ஒன்று பொருந்தாவிட்டாலும் அது அல்ல. இப்படி வரும் அறிவிப்புகளை அவசரத்தில் படித்தால் இரண்டு விதமாகவும் தவறு நேரும். நல்ல டப்பாவைத் தூக்கிப் போடுவோம், அல்லது கெட்ட டப்பாவை வைத்துக்கொள்வோம்.

அந்தக் கதை அன்றோடு முடியவும் இல்லை. முதல் அறிவிப்பில் இல்லாத சிமிலாக் பி.எம். 60/40 என்ற வகையின் ஒரு லாட்டை 11 நாள் கழித்துச் சேர்த்தார்கள். அதன் எண் 27032K80. முதல் நாள் பார்த்து ‘நம்முடையது இல்லை’ என்று நிம்மதியான வீடு ஒன்று, மறுபடி பார்த்திருந்தால்தான் தப்பியிருக்கும். விசாரணை நடக்க நடக்கப் பட்டியல் நீளும். அதனால் எண் பொருந்தாவிட்டாலும் உறையை இரண்டு வாரம் பத்திரமாக வைத்திருந்து, இடையில் ஒரு முறையாவது அறிவிப்பைத் திரும்பப் பாருங்கள்.

உறையே இல்லை என்றால்

இனி நம் மிளகாய்த்தூள் வீட்டுக்கு வருவோம். செய்தியைப் படித்தாயிற்று, அதே நிறுவனம், அதே 200 கிராம். உறையைக் காணோம்.

முதல் வேலை, டப்பாவை மூடி எடுத்துத் தனியாக வைப்பது. தேடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று அன்றைய குழம்புக்கு ஒரு ஸ்பூன் எடுக்கக் கூடாது. பிறகு குப்பைக் கூடையையும் பழைய உறைகளைச் சேர்த்து வைக்கும் பையையும் பாருங்கள். மாதச் சாமான் வாங்கும் வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பாக்கெட் வாங்கி, ஒன்று பிரிக்காமல் அலமாரியில் இருக்கலாம். அதன் எண் பொருந்தினால் டப்பாவில் உள்ளதும் அதே ஈடாக இருக்க வாய்ப்பு அதிகம். எண் வேறாக இருந்தாலும் டப்பாவில் உள்ளது தப்பித்தது என்று அர்த்தம் இல்லை. ஒரே கடையில் ஒரே நாளில் இரண்டு ஈட்டுச் சரக்கு அடுக்கப்பட்டிருக்கக்கூடும்.

அடுத்தது பில். மளிகைக்கடைப் பில்லில் பேட்ச் எண் பொதுவாக இருக்காது. ஆனால் தேதி இருக்கும். ஆன்லைனில் வாங்கியிருந்தால் பழைய ஆர்டர்கள் பகுதியில் தேதி, எடை, விற்பனையாளர் பெயர் எல்லாம் இருக்கும். அந்தத் தேதியை அறிவிப்பில் உள்ள தயாரிப்புத் தேதியோடு ஒப்பிடுங்கள். தயாரிப்பதற்கு முன்பே நீங்கள் வாங்கியிருந்தால் உங்களுடையது அது அல்ல என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். பின்னால் வாங்கியிருந்தால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. பில் பயன்படுவது இந்த ஒரு வழியில்தான். விலக்குவதற்கு உதவும், உறுதி செய்ய உதவாது.

எதிலும் தெளிவு கிடைக்காவிட்டால்? திரும்பப் பெறும் சரக்கு என்றே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். 200 கிராம் மிளகாய்த்தூளின் விலைக்காக அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. பழைய பொடியின் மேல் இதைக் கொட்டியிருந்தால் டப்பா முழுவதுமே அந்தக் கணக்கில் சேரும். மேலாக வழித்து எடுத்துவிட்டு அடியில் உள்ளதைக் காப்பாற்ற முடியாது. ஸ்பூன் போட்டுப் போட்டு எடுத்ததில் இரண்டும் கலந்திருக்கும்.

காரணத்தைப் பொறுத்து நடவடிக்கை

‘இத்தனை நாள் சாப்பிட்டோமே, பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகுமா?’ உறையைத் தேடுவதற்கு முன்பே ஒரு தாய்க்கு வருகிற கேள்வி இதுதான். இதற்குப் பதில் எண்ணில் இல்லை. அறிவிப்பில் சொல்லியிருக்கும் காரணத்தில் இருக்கிறது.

மிளகாய்த்தூள் விஷயத்தில் காரணம் பூச்சிக்கொல்லி எச்சம். மிளகாய்ச் செடிக்கு அடித்த மருந்து பழத்தோடு காய்ந்து, பொடியோடு வந்திருக்கிறது. காயும்போது தண்ணீர் வற்றுவதால் பச்சையாக இருந்தபோது கொஞ்சமாகத் தெரிந்த எச்சம் வற்றலில் செறிவாகிறது. ஆணையம் வைத்திருக்கும் உச்ச அளவு, கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் இருக்கும். பல ஆண்டுகள் தொடர்ந்து சாப்பிடுவதை மனத்தில் வைத்தே பெரும்பாலும் அந்த வரம்பு போடப்படுகிறது. நாம் ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்ளும் மிளகாய்த்தூளோ சில கிராம்தான். அதனால் வரம்பை மீறிய பொடியை ஒரு மாதம் சாப்பிட்டவர் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டியதில்லை. நிறுத்தினால் போதும். உடம்புக்கு ஏதாவது செய்தால், என்ன சாப்பிட்டோம் என்பதையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் பயம் இல்லை என்பதற்காகத் தொடர்ந்து பயன்படுத்தவும் கூடாது. கொதிக்க வைத்தால் போய்விடும், எண்ணெயில் வறுத்தால் முறிந்துவிடும் என்பதை நம்பாதீர்கள். எச்சத்தை வீட்டு அடுப்பு நம்பகமாக நீக்குவதில்லை.

அந்தப் பொடியைப் போட்டு அரைத்த சாம்பார்ப் பொடி, போட்ட மாங்காய் ஊறுகாய், இடித்த இட்லிப் பொடி எல்லாமும் அதே கணக்குதான். மனசு வராதுதான். வருஷத்துக்கு ஒரு முறை போடும் ஊறுகாயை ஜாடியோடு கவிழ்ப்பது லேசான காரியம் இல்லை. ஆனால் அந்த ஜாடியில் மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகையாக இருக்காது, கை கையாக அள்ளிப் போட்டதாக இருக்கும். பாத்திரங்களைப் பொறுத்தவரை கவலை இல்லை. டப்பா, ஸ்பூன், மிக்ஸி ஜார் மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகக் காயவைத்தால் போதும்.

காரணம் கிருமி என்றால் கணக்கே வேறு. சால்மோனெல்லா போன்ற கிருமி ஈரமே இல்லாத மசாலாப் பொடியிலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். அப்போது ‘நேற்று சாப்பிட்டோம், ஒன்றும் ஆகவில்லை’ என்பது சான்றாகாது. கிருமி பொடி முழுவதும் சமமாகப் பரவியிருக்காது. நேற்றைய ஸ்பூனில் இல்லாதது இன்றைய ஸ்பூனில் வரலாம். கொதிக்கும் குழம்பில் போட்டால் சாகலாம். ஆனால் அதே பொடியைத்தானே நறுக்கிய மாங்காய் மேலும் கொய்யா மேலும் தூவுகிறோம்? இந்த வகையில் டப்பாவோடு அலமாரித் தட்டு, மூடியின் விளிம்பு, அந்த ஸ்பூன் போய் வந்த மற்ற டப்பாக்கள் வரை சுடுநீரும் சோப்பும் கொண்டு துடைத்துக் கழுவ வேண்டும். அஞ்சறைப் பெட்டியில் ஒரே ஸ்பூனைப் பயன்படுத்தும் வீடானால் பெட்டியில் உள்ள மற்றவையும் சந்தேகத்துக்குரியவைதான்.

எறியக் கூடாத டப்பா

கெட்டது என்று தெரிந்தவுடன் கை தானாகக் குப்பைக் கூடையைத் தேடும். ஆனால் உடனே எறியக் கூடாத நேரமும் உண்டு. 2025 நவம்பரில் அமெரிக்காவில் பைஹார்ட் என்ற நிறுவனத்தின் குழந்தைப் பால்பவுடரைக் குடித்த கைக்குழந்தைகளுக்கு பாட்டுலிசம் என்ற அரிதான நோய் வந்தது. நரம்புகளைத் தளர்த்தி, பால் உறிஞ்சும் பலத்தைக்கூடப் பறித்துவிடும் நோய் அது. முதலில் இரண்டு லாட்டுகளை மட்டும் திரும்பப் பெற்றார்கள். சில நாட்களிலேயே நிறுவனத்தின் எல்லாப் பால்பவுடரையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. டப்பா ஏற்கெனவே திறந்திருந்தால் என்ன செய்வது என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் தெளிவாகச் சொன்னது. கொடுப்பதை நிறுத்துங்கள். அடியில் உள்ள லாட் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘பயன்படுத்தாதே’ என்று எழுதி ஒட்டி, கை எட்டாத இடத்தில் ஒரு மாதம் வையுங்கள். குழந்தைக்கு அதற்குள் ஒன்றும் வராவிட்டால் எறிந்துவிடலாம்.

ஏன் ஒரு மாதம்? அந்த நோய் உள்ளே போய் வெளியே தெரிய 30 நாள்வரை ஆகலாம். குழந்தைக்கு நோய் வந்தால் பரிசோதனைக்கு அதே டப்பாவில் உள்ள அதே பவுடர் தேவை. திறக்காத வேறு டப்பா இருக்கிறதே என்று சொல்ல முடியாது. குழந்தை குடித்தது இதைத்தான்.

மருந்து பாட்டிலுக்கும் இது பொருந்தும். 2025 அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்து நாட்டையே உலுக்கியது. SR-13 என்ற பேட்ச்சில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனை கண்டுபிடித்தது. மத்தியப் பிரதேசத்தில் அதைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இப்படிப்பட்ட அறிவிப்பு வரும் நாளில், வீட்டில் பாதி காலியான பாட்டில் இருந்து, அதிலிருந்து குழந்தைக்குக் கொடுத்தும் இருந்தால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் குழந்தையையும் பாட்டிலையும் சேர்த்தே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். எத்தனை வேளை, எத்தனை மில்லி, கடைசியாக எப்போது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வாந்தி, சிறுநீர் குறைவது அல்லது நின்றுபோவது, சோர்ந்து கிடப்பது ஆகியவை அந்த நச்சின் அடையாளங்கள்.

ஆக, விதி இது. சாப்பிட்டவர் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றாலோ, அறிவிப்பில் சொன்ன காரணம் கடுமையானது என்றாலோ பொருளை எறியாதீர்கள். மூடி, உறையில் போட்டுக் கட்டி, எழுதி ஒட்டி வையுங்கள். மிளகாய்த்தூளைப் போல அவசரம் இல்லாத காரணம் என்றால் பணம் திரும்பக் கிடைக்கும்வரை வைத்திருந்தால் போதும்.

‘பிரிச்சதை எடுக்க மாட்டோம்மா’

கடைக்குப் போனால் முதலில் கேட்கிற பதில் பெரும்பாலும் இதுதான்.

“அண்ணாச்சி, இந்தப் பொடியைக் கம்பெனியே திரும்ப வாங்குறாங்களாம். பேப்பர்ல போட்டிருக்கு.”

“பிரிச்சதை எடுக்க மாட்டோம்மா. பாதி பொடிதானே இருக்கு?”

“பிடிக்கலைன்னு மாத்திக் கேக்கல அண்ணாச்சி. இந்த நம்பர் போட்ட பாக்கெட் எல்லாத்தையும் திருப்பி எடுக்கணும்னு உத்தரவு. உங்ககிட்ட மிச்சம் இருந்தா அதையும் விக்கக் கூடாது. இந்தாங்க, நம்பரைப் பாருங்க.”

கடைக்காரர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவருக்குப் பழக்கமானது பொருளை மாற்றித் தருவது. மாற்றுவதற்கு உறை பிரியாமல் இருக்க வேண்டும் என்பது கடை வழக்கம். திரும்பப் பெறுவது வேறு. அதில் தவறு பொருளில் இருக்கிறது, அதைப் பிரித்துப் பார்த்தால்கூட நமக்குத் தெரிந்திருக்காது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் 2017இல் வந்த திரும்பப் பெறும் விதிமுறைகளும் சரக்கை மீட்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்திருக்கின்றன. அவர் கொடுப்பதைக் கடைக்காரர் நமக்குத் தருகிறார், அவ்வளவுதான். ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறவும் வாங்கியவருக்கு விலையைத் திருப்பித் தரவும் உத்தரவிடும் அதிகாரம், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் மத்திய ஆணையத்துக்குத் தனியாக இருக்கிறது.

கடைக்குக் கொண்டுபோக வேண்டியவை மூன்று. எண் தெரியும் உறை, மீதிப் பொருள், பில். மூன்றையும் ஒன்றாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். கடையில் கொடுத்துவிட்டால் அதன்பின் உங்கள் கையில் இருக்கும் ஒரே சான்று அந்தப் படம்தான். உறை தொலைந்துபோயிருந்தால் கடைக்காரர் மறுப்பதில் நியாயம் இருக்கிறது. அப்போது உறையில் வழக்கமாக இருக்கும் நுகர்வோர் சேவை எண்ணுக்குப் பேசிப் பில்லைக் காட்டிக் கேட்டுப் பார்க்கலாம். பணம் வந்தாலும் வராவிட்டாலும் பொடியை மட்டும் பயன்படுத்தக் கூடாது.

கடையும் நிறுவனமும் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அறிவிப்பு வந்தபிறகும் அதே எண்ணுள்ள பாக்கெட் கடையில் விற்பதைக் கண்டால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 9444042322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்தோடு அனுப்பலாம். மருந்தால் பக்கவிளைவு என்று சந்தேகித்தால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் தெரிவிக்கலாம்.

திருப்பிக் கொடுக்க வழியில்லாத பொடியை வீட்டு வேலைக்கு வருபவருக்கோ பக்கத்து வீட்டுக்கோ கொடுக்காதீர்கள். நமக்கு ஆகாதது அவர்களுக்கும் ஆகாது. மாட்டுக் கழனித் தொட்டியிலும் கொட்ட வேண்டாம். உறையில் போட்டு இறுக்கிக் கட்டி, வெளியில் ‘கெட்டது’ என்று எழுதி, குப்பை வண்டியில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த பாக்கெட்டைப் பிரிக்கும்போது

திரும்பப் பெறும் அறிவிப்பு தாமதமாகத்தான் வரும். பொடி ஆலையிலிருந்து கிளம்பி, கடையில் இருந்து, அதிகாரி மாதிரி எடுத்து, ஆய்வகம் அறிக்கை தந்து, உத்தரவு வெளியாவதற்குள் மாதங்கள் ஓடிவிடலாம். பதஞ்சலிப் பொடி பற்றிய செய்தி வெளியே தெரிந்தது பங்குச்சந்தைக்கு நிறுவனம் தந்த தகவல் வழியாக. சமையலறைக்கு அந்தச் செய்தி வந்து சேர்வதற்குள் எத்தனை உறைகள் குப்பைக்குப் போயிருக்கும்!

எனவே அடுத்த முறை கத்தரிக்கோலை எடுக்கும்போது முதலில் எண் எந்த ஓரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு எதிர் ஓரத்தை நறுக்குங்கள். டப்பாவில் பழையது இருந்தால் தீர்ந்தபிறகு கழுவிக் காயவைத்துப் புதியதைக் கொட்டுங்கள். கொட்டி முடித்ததும் எண்ணும் தேதியும் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, டப்பாவின் வெளியே ஒரு ரப்பர் பேண்டில் செருகிவிடுங்கள். உள்ளே போட வேண்டாம், அச்சு மை பொடியில் உரசும். டப்பா காலியாகும் நாளில் அந்தத் துண்டையும் மாற்றிவிடுங்கள். இரண்டு விரல் அகலத் துண்டுதான். அறிவிப்பு வருகிற நாளில், டப்பாவில் இருப்பது எந்த ஈட்டுப் பொடி என்று அது சொல்லிவிடும்.